எதில் 50 சதவீதம்? ஒரு முறுக்குப் பையின் பச்சை வாசகங்களைப் பிரித்துப் பார்த்த கதை

காரைக்குடிப் பக்கத்தில் தேன்குழல், சீப்புச் சீடை, கைமுறுக்கு, மாவுருண்டை செய்து வெளியூர்களுக்கு அனுப்பும் நடுத்தரமான ஒரு பலகாரக் கூடத்துக்கு, பை விற்பவர் ஒருவர் புது மாதிரி கொண்டுவந்தார். 250 கிராம் முறுக்கு பிடிக்கும் நிற்கும் பை. வெளியே பழுப்புக் காகிதம், மேலே ஜிப். முன்பக்கத்தில் பச்சை இலைப் படம். அதன் கீழே நான்கு வாசகங்கள்: "50% மறுசுழற்சிப் பொருளால் ஆனது", "மக்கும் தன்மை கொண்டது", "மறுசுழற்சி செய்யலாம்", "100% சூழலுக்கு உகந்தது". ஓரத்தில், காகித நார் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்றாக அடிக்கப்படும் எஃப்.எஸ்.சி. முத்திரை. வழக்கமான பை 6 ரூபாய், இது 8.50. குறைந்தபட்சம் 10,000 பை எடுக்க வேண்டும் என்றால், 25,000 ரூபாய் அந்த நான்கு வாசகங்களுக்காகவே கூடுதலாகப் போகிறது. கடை, ஆள், ஊர்ப் பெயர்களைத் தவிர்த்துவிட்டு, அந்த வாசகங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த முறையை மட்டும் இங்கே எழுதுகிறோம். பை வாங்குகிற தொழில்காரருக்கும், பலகாரம் வாங்குகிற வீட்டுக்காரருக்கும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்.

விற்பவர் சொன்னது இது: "ஆச்சி, சென்னையில எல்லாரும் இதுக்குத்தான் மாறிட்டாங்க. சர்டிபிகேட் எல்லாம் இருக்கு." கூடத்தை நடத்தும் ஆச்சி கேட்டது ஒரே கேள்வி. "50 சதவீதம்னா, எதுல 50 சதவீதம்?"

மொத்த ஆய்வும் அந்தக் கேள்வியைத்தான் சுற்றி நிற்கிறது.

உள்ளே இருப்பது என்ன

பழுப்பு நிறம் காகிதத்தை நினைவூட்டுகிறது, காகிதம் மரத்தை நினைவூட்டுகிறது. ஆனால் வெறும் காகிதத்தில் முறுக்கை அடைத்தால் இரண்டே நாளில் எண்ணெய் வெளியே கசிந்துவிடும், ஈரம் உள்ளே போய் முறுக்கு நமத்துவிடும். முறுக்கு மொறுமொறுப்பாக இருக்கிறது என்றால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் படலம் இருந்தே தீர வேண்டும். அது எவ்வளவு இருக்கிறது என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். தேவையானது 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு ஒன்று. ஊரில் தெரிந்த நகைக்கடை எதிலும் கிடைக்கும்.

பையின் பின்பக்கத்தில், ஜிப்பும் ஒட்டிய ஓரமும் வராத இடத்தில், சரியாக 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டிக்கொள்ள வேண்டும். எடை போட்டதில் 1.26 கிராம் வந்தது. அதை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை: 126 கிராம். தொழிலில் ஜி.எஸ்.எம். என்று சொல்வது இதைத்தான். பிறகு அந்தத் துண்டை, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டார்கள். காகிதம் கூழாகிவிடும், விரலால் தேய்த்தால் நார் நாராகக் கழன்று வரும். மிஞ்சியது கண்ணாடிபோல் தெளிந்த ஒரு படலம். நன்றாகக் காயவைத்து எடை போட்டதில் 0.46 கிராம்.

ஆக ஒரு சதுர மீட்டருக்குப் படலம் 46 கிராம், காகிதம் 80 கிராம். படலத்தின் எடையை அதன் அடர்த்தியால் வகுத்தால் தடிமன் கிடைக்கும். இது எல்.டி.பி.இ. எனப்படும் பாலித்தீன், அடர்த்தி சுமார் 0.92. 46-ஐ 0.92-ஆல் வகுத்தால் 50 மைக்ரான். வெளியே காகிதமாகத் தெரியும் அந்தப் பையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், 36.5 சதவீதம், பிளாஸ்டிக். ஜிப்பைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

இந்தச் சோதனையில் தவறு நேரும் இடங்கள் இரண்டு. படலத்தில் நார் ஒட்டிக்கொண்டே இருந்தால் பிளாஸ்டிக்கின் எடை கூடுதலாகக் காட்டும். ஆகவே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மங்கலான திட்டு இல்லாதவரை தேய்க்க வேண்டும். ஈரத்தைத் தாங்கும்படி செய்த காகிதமானால் ஒரு நாள் போதாது. தண்ணீரை மாற்றி இன்னொரு நாள் வைக்கலாம். அடுத்தது, படலம் வெள்ளிபோல் மின்னினால் அது பாலித்தீன் மட்டும் இல்லை. உலோகப் பூச்சுள்ள பாலியஸ்டர் போன்ற அடுக்கு ஒன்றும் கூட இருக்கிறது. அப்போது எடைக் கணக்கு சரிதான், மைக்ரான் கணக்கு பொருந்தாது.

50 சதவீதம் எந்த அடுக்கில்?

இப்போது இரண்டு வாய்ப்புகள். மறுசுழற்சிப் பொருள் பிளாஸ்டிக் அடுக்கில் இருக்கலாம், அல்லது காகிதத்தில் இருக்கலாம்.

முதலாவது உண்மையானால் அது நல்ல செய்தி இல்லை. முறுக்கைத் தொட்டுக்கொண்டிருப்பது அந்தப் படலம்தான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பேக்கேஜிங் விதிமுறைகள், மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கை உணவுப் பொருளுக்குப் பயன்படுத்துவதைத் தொடக்கத்தில் முழுதாகவே தடுத்தன. 2022-இல் அந்தக் கதவு திறந்தது, ஆனால் ஒருக்களித்துத்தான்: ஆணையம் வகுத்த வழிகாட்டுதலின்படி பதப்படுத்தி, அனுமதி பெற்ற பெட் பிளாஸ்டிக்குக்கு மட்டும். தண்ணீர் பாட்டில் செய்கிற அந்தப் பெட். பாலித்தீனுக்கு அப்படி ஒரு வழிகாட்டுதல் வரவில்லை. காரணம் எளிது. பழைய பாலித்தீன் எதை அடைத்து வைத்திருந்தது என்பது யாருக்கும் தெரியாது. பூச்சிமருந்தாக இருக்கலாம், டீசலாக இருக்கலாம். பாலித்தீன் அவற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் குணமுடையது, உருக்கினாலும் முழுதாகப் போகாது. முறுக்கில் இருக்கும் எண்ணெய் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். எனவே உணவைத் தொடும் பாலித்தீனில் 50 சதவீதம் மறுசுழற்சி என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார், அல்லது உண்மை சொல்லி விதியை மீறுகிறார். இரண்டில் எதுவானாலும் அந்தப் பையை வாங்கக் கூடாது.

கண்ணுக்கும் ஓரளவு தெரியும். வீடுகளிலிருந்து திரும்பி வந்த பாலித்தீனை உருக்கிச் செய்த படலம் பொதுவாகச் சற்றுச் சாம்பல் பூத்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் சிறு முடிச்சுகளும் கரும்புள்ளிகளும் தென்படும். பையை இறுக மூடி வெயிலில் அரை மணி நேரம் வைத்துத் திறந்தால் ஒரு மெழுகு வாடை வரும். மாதிரிப் பையின் படலமோ கண்ணாடிபோல் இருந்தது. இது முடிவான சான்று ஆகாது. ஆனால் எந்தப் பக்கம் கேள்வி கேட்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு பிளாஸ்டிக் படலத்தை ஆய்வகத்துக்குக் கொடுத்தால் அது என்ன பிளாஸ்டிக் என்று சொல்வார்கள், எத்தனை அடுக்கு என்று சொல்வார்கள். அதில் எத்தனை சதவீதம் மறுசுழற்சி என்பதை நம்பகமாக அளந்து சொல்லும் சோதனை கிடையாது. புதுப் பாலித்தீனும் பழைய பாலித்தீனும் வேதியியலில் ஏறக்குறைய ஒன்றே. அதனால் இந்தச் சதவீதம் ஆவணக் கணக்கால் மட்டுமே நிரூபிக்கப்படும்: எவ்வளவு பழைய பொருள் வாங்கினார்கள், எவ்வளவு புதுப்பொருள் கலந்தார்கள், எவ்வளவு சரக்கு வெளியே போனது என்ற கணக்கு. "லேபில டெஸ்ட் பண்ணி 50 சதவீதம்னு ரிப்போர்ட் வந்திருக்கு" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே சந்தேகப்படலாம்.

விற்பவரிடம் எழுத்தில் கேட்டபோது, 50 சதவீதம் காகிதத்தில்தான் என்று பதில் வந்தது. காகித ஆலையின் கடிதம் ஒன்றையும் இணைத்திருந்தார். அதைப் பொறுமையாகப் படித்ததில்தான் எண்கள் கரைய ஆரம்பித்தன.

காகிதம் பையின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவுதான்: 1.26 கிராமில் 0.80. அதில் 50 சதவீதம் என்பது 0.40 கிராம். மொத்தப் பைக்கு 32 சதவீதம். அடுத்த வரி இன்னும் முக்கியம். அந்த 50-இல், காகித எடையின் 20 சதவீதம் ஆலைக்குள்ளேயே விழும் ஓரவெட்டுகளும் தரம் குறைந்து திரும்ப அரைக்கப்பட்ட தாளும் என்று கடிதமே சொன்னது. சொந்த ஆலையில் விழுந்த வெட்டை அதே ஆலையில் அதே வேலைக்குத் திரும்பப் போடுவதை மறுசுழற்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது, சூழல் கூற்றுகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 14021-இன் தெளிவான விதி. எந்த ஆலையும் அதை வீசி எறியப் போவதில்லை. எப்போதும் செய்கிற சிக்கனம்தான் அது. இட்லி மாவு ஊற்றும்போது தட்டில் சிந்தியதை வழித்துத் திரும்ப ஊற்றுவது மாதிரி. அதைக் கழித்தால் காகிதத்தில் 30 சதவீதம், அதாவது 0.24 கிராம். மொத்தப் பைக்கு 19 சதவீதம்.

பையின் முகத்தில் 50. கணக்கில் 19. நடுவில் யாரும் அப்பட்டமான பொய் சொல்லவில்லை என்பதுதான் இந்த ஏமாற்றின் சாமர்த்தியம். "எதில்" என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டார்கள், அவ்வளவே.

மக்குமா?

காகிதம் மக்கும். பாலித்தீன் மக்காது. இரண்டையும் ஒட்டிவைத்தால் காகிதம் கரைந்துபோய்ப் படலம் மண்ணில் கிடக்கும். தண்ணீரில் ஊறப்போட்ட சோதனையில் பார்த்தது அதைத்தான். விற்பவர் தரப்பில், பாலித்தீனில் ஒரு சேர்மானம் கலந்திருப்பதாகச் சொன்னார்கள். வெயிலும் காற்றும் பட்டால் பாலித்தீனை நொறுங்கச் செய்யும் சேர்மானங்கள் உண்மையில் உண்டு. நொறுங்குவது வேறு, மக்குவது வேறு. நொறுங்கினால் கண்ணுக்குத் தெரியாத தூளாக மண்ணில் தங்கும். இப்படிப்பட்ட பிளாஸ்டிக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த உத்தரவில் தடைசெய்தது. இந்தியாவிலும் 2024 மார்ச்சில் திருத்திய பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், நுண்பிளாஸ்டிக் மிச்சம் வைக்காமல் சிதைவதையே மக்கும் பிளாஸ்டிக் என்று கூறுகின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும். எத்தனை நாளில், எந்தச் சூழலில் சிதையும் என்பதைப் பொருளின் மேலேயே அச்சிட வேண்டும். மாதிரிப் பையில் நாளும் இல்லை, சூழலும் இல்லை. "மக்கும்" என்று தனியாக நிற்கும் சொல்லைப் பார்த்தால் இந்த இரண்டையும் தேடுங்கள். இல்லையென்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

கூடவே அதே விற்பவர் ஒரு கைப்பை மாதிரியும் தந்திருந்தார், "100% உரமாகும்" என்ற வாசகத்தோடு. இதில் விஷயம் கடுமையானது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகள், தடிமன் எதுவானாலும், தடை. உரமாகும் பிளாஸ்டிக்குக்குத்தான் விலக்கு. அந்த விலக்குக்குள் போலியாக நுழைந்த பாலித்தீன் பை கடையில் பிடிபட்டால், சிக்குவது கடைக்காரர்.

இதற்கு ஒரு சமையலறைச் சோதனை உண்டு. உரமாகும் பைகள் பெரும்பாலும் பி.பி.ஏ.டி., பி.எல்.ஏ. என்ற பொருள்களாலும் மாவுச்சத்தாலும் ஆனவை. அவற்றின் அடர்த்தி தண்ணீரைவிட அதிகம், 1.25 அளவில். பாலித்தீன், பாலிபுரோப்பிலீன் இரண்டும் தண்ணீரைவிட லேசானவை. இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றை, சோப்பு கலந்த தண்ணீரில் முழுதாக அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் தேய்த்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் எந்தப் படலமும் நீர்ப்பரப்பில் ஒட்டி மிதந்து நம்மை ஏமாற்றும். துண்டு மேலே வந்துவிட்டால் அது உரமாகும் பை அல்ல, பாலித்தீன் வகைதான். மூழ்கினால்? அங்கேதான் கவனம் வேண்டும். மலிவுக்காகப் பாலித்தீனில் சுண்ணாம்புப் பொடி கலப்பது வழக்கம். எடையில் 10 சதவீதம் கலந்தால் இன்னும் மிதக்கும். 20 சதவீதம் கலந்தால் அடர்த்தி 1.06 ஆகி மூழ்கிவிடும். ஆகவே மிதந்தால் குட்டு வெளிப்பட்டது, மூழ்கினால் எதுவும் நிரூபணமாகவில்லை.

மூழ்கிய பைக்குச் சான்றைப் பார்க்க வேண்டும். பையின் மேலேயே தயாரிப்பாளர் பெயரும், வாரியச் சான்றிதழின் எண்ணும், ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தர எண்ணும் இருக்க வேண்டும். சான்று பெற்ற தயாரிப்பாளர்களின் பட்டியலை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் cpcb.nic.in தளத்தில் வைத்திருக்கிறது. அதில் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். இந்த மாதிரி சோப்புத் தண்ணீரில் உடனே மேலே வந்துவிட்டது. பட்டியல் வரை போகத் தேவையே ஏற்படவில்லை.

உண்மையான உரமாகும் பைக்கும் எல்லை இருக்கிறது. அந்தத் தரத்தின் சோதனை, 58 டிகிரி வெப்பத்தைத் தொடர்ந்து வைத்திருக்கும் தொழில்முறை உரக்கூடத்தை மனத்தில் கொண்டது. அங்கே 180 நாளுக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்கிறது. வீட்டுப் பின்கட்டில் தோண்டிய குப்பைக்குழி அந்தச் சூட்டை நாள்கணக்கில் பிடித்து வைக்காது. செட்டிநாட்டு வெயில் எவ்வளவு அடித்தாலும் அது மேல்மண்ணைச் சுடவைக்கும், குழியின் உள்ளே அல்ல.

அம்புக்குறிகளும் முத்திரைகளும்

பையின் அடியில் மூன்று அம்புகள் சுற்றும் முக்கோணம் ஒன்று, நடுவில் 7. நிறையப் பேர் இதைப் பார்த்துத்தான் மறுசுழற்சிப் பொருள் என்று நம்பிவிடுகிறார்கள். இது 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் உருவாக்கிய அடையாள எண். என்ன வகைப் பிளாஸ்டிக் என்று பிரிப்பவருக்குச் சொல்வதற்காக வந்தது. 1 பெட், 2 எச்.டி.பி.இ., 4 எல்.டி.பி.இ., 5 பாலிபுரோப்பிலீன். 7 என்றால் மற்றவை, கலப்பு. மறுசுழற்சியால் ஆனது என்றும் அதற்குப் பொருள் இல்லை, மறுசுழற்சி ஆகும் என்றும் பொருள் இல்லை. சொல்லப்போனால் 7 என்ற எண் "பிரிப்பது கடினம்" என்பதற்குத்தான் நெருக்கமானது. எண் இல்லாத அம்புச்சுழல் வேறு, ஐ.எஸ்.ஓ. 14021-இன்படி அது மறுசுழற்சி செய்யத்தக்கது என்ற கூற்று. அம்புச்சுழலோடு சதவீதமும் இருந்தால் அது மறுசுழற்சிப் பொருளின் அளவு. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதே குழப்பத்துக்கு வசதி.

மறுசுழற்சி செய்யலாம் என்ற வாசகத்துக்கு நம்மூரில் இருக்கும் மிக நேர்மையான ஆய்வாளர் காயலான் கடைக்காரர். அட்டைப்பெட்டியை எடைபோட்டுக் காசு தருவார், பெட் பாட்டிலுக்குத் தருவார். காகிதமும் பாலித்தீனும் ஒட்டிய பையைக் கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார். எங்கோ ஓர் ஆலையில் இதைப் பிரிக்க முடியும் என்பது, காரைக்குடியில் வாங்கியவர் கையில் அது மறுசுழற்சி ஆகும் என்று ஆகாது.

எஃப்.எஸ்.சி. முத்திரையைச் சரிபார்ப்பது சுலபம். உண்மையான முத்திரையில் C என்று தொடங்கி ஆறு இலக்கம் வரும் உரிம எண் இருக்கும். அதை search.fsc.org தளத்தில் நாமே தட்டிப் பார்க்க வேண்டும். விற்பவர் அனுப்பும் இணைப்பையோ, பையில் இருக்கும் கியூஆர் குறியையோ நம்பிப் போகக் கூடாது, அது அவருடைய பக்கத்துக்கே கூட்டிப்போகும். முத்திரையில் "ரீசைக்கிள்டு" என்றால் முழுவதும் பழைய நார். "மிக்ஸ்" என்றால் கலப்பு. பெரும்பகுதி புது மரக்கூழாகவும் இருக்கலாம். மாதிரிப் பையில் "மிக்ஸ்" இருந்தது, எண் இல்லை. கேட்டபோது காகித ஆலையின் எண் வந்தது. ஆலைக்கு உரிமம் இருப்பது பை தைப்பவருக்குப் போதாது. ஆலையிலிருந்து பை செய்பவர் வரை ஒவ்வொரு கைக்கும் தனிச் சான்று இருந்தால்தான் முத்திரையைப் பையில் அடிக்கலாம். சங்கிலி நடுவில் அறுந்திருந்தது.

பிளாஸ்டிக் மறுசுழற்சிக்கு அதிகம் காட்டப்படும் சான்று ஜி.ஆர்.எஸ்., அதாவது உலக மறுசுழற்சித் தரம். இதில் இரண்டு தாள்கள் உண்டு. ஒன்று நிறுவனத்துக்குக் கொடுக்கப்படுவது. இந்த இடத்தில், இந்தப் பொருளை, இந்தத் தரத்தில் செய்யத் தகுதி உண்டு என்று சொல்வது. இன்னொன்று ஒவ்வொரு சரக்குப் பரிமாற்றத்துக்கும் தனியாக வருவது. உங்களுக்கு வந்த இத்தனை கிலோவில் இத்தனை சதவீதம் என்று சொல்வது. விற்பவர்கள் காட்டுவது முதலாவதை. நாம் கேட்க வேண்டியது இரண்டாவதை. சமையல் உரிமம் வைத்திருப்பவர் செய்த எல்லாமே நெய்ப்பலகாரம் என்று ஆகிவிடாது. முதல் தாளைப் பார்க்கும்போதும் மூன்று இடங்களில் கண் வைக்க வேண்டும்: பெயர் விற்பவருடையதுதானா, முகவரி பை செய்யும் ஆலையுடையதா, முடியும் தேதி கடந்துவிட்டதா.

அட்டைப்பெட்டி பற்றி ஒரு வரி. "100% மறுசுழற்சி அட்டை" என்பது இந்தியாவில் அனேகமாக உண்மையாகவே இருக்கும், ஏனென்றால் நம் நெளி அட்டைகளில் பெரும்பாலானவை பழைய அட்டையிலிருந்தே வருகின்றன. அதற்காகக் கூடுதல் விலை கேட்டால் தரத் தேவையில்லை. அந்த அட்டையில் பலகாரத்தை நேராகப் படும்படி வைக்கவும் வேண்டாம். பழைய அச்சு மையின் எண்ணெய்கள் அதில் தங்கியிருக்கும், முறுக்கு எண்ணெய் அவற்றை இழுக்கும்.

வாசகத்துக்குப் பொறுப்பு யார்

பலகாரக் கூடத்துக்குப் பிடிபடாமல் இருந்த விஷயம் இது. பையைச் செய்தவர் பெயர் பையில் எங்கோ பொடி எழுத்தில் இருக்கும். முன்னால் பெரிதாக இருப்பது பலகாரக் கூடத்தின் பெயர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளம்பரம் என்பதில் லேபிளையும் மேலுறையையும் சேர்த்தே சொல்கிறது. 2024 அக்டோபர் 15 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பொய்யான பசுமைக் கூற்றுகளான பச்சைப்பூச்சுக்கு எதிரான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன்படி "சூழலுக்கு உகந்தது", "பசுமையானது" போன்ற பொதுச் சொற்களைத் தனியே நிறுத்தக் கூடாது. எதனால் என்று விளக்கமும் சான்றும் வேண்டும். கூற்று பொருளைப் பற்றியதா, உறையைப் பற்றியதா, உறையின் ஒரு பகுதியைப் பற்றியதா என்று சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்குச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. "பை விற்றவர் அப்படித்தான் சொன்னார்" என்பது தப்பிக்கும் வழியாக இருக்கும் என்று நம்பி 10,000 பை அச்சடிப்பது நல்ல யோசனை இல்லை.

ஆச்சி பையைத் திருப்பி அனுப்பினார். பதிலுக்கு அவர் எடுத்தது, உள்ளும் வெளியும் பாலிபுரோப்பிலீனாலேயே ஆன ஈரடுக்குப் பை. முக்கோணத்தில் 5. ஈரத்தை நன்றாகத் தடுக்கும், ஒரே வகைப் பிளாஸ்டிக் என்பதால் பிரிக்கும் சிக்கல் இல்லை, பழுப்புப் பையைவிட விலையும் குறைவு. ஆனால் மெல்லிய பைகளைக் காயலான் கடை வாங்குவதில்லை என்பதால், மறுசுழற்சி செய்யலாம் என்று அதில் அச்சிடவில்லை. கொள்முதல் ஆணையில் இரண்டு வரிகள் சேர்ந்தன: உணவைத் தொடும் அடுக்கில் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இல்லை என்ற எழுத்துறுதி, ஐ.எஸ். 9845 முறையில், எண்ணெய்ப் பலகாரத்துக்கான சோதனைத் திரவத்தில், ஒரு சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எதுவும் கசியவில்லை என்ற ஆய்வக அறிக்கை. அறிக்கையில் இருக்கும் மாதிரியின் விவரமும் மைக்ரானும் வந்த பையோடு பொருந்த வேண்டும். பழைய பைக்கு எடுத்த அறிக்கையைப் புதுப்பையோடு இணைப்பது அடிக்கடி நடக்கிறது.

கல்யாணச் சீர்ப் பலகாரத்துக்கு அவர்கள் பனையோலைக் கொட்டான் பயன்படுத்துகிறார்கள். அதன் சீட்டில் "பிளாஸ்டிக் இல்லாதது" என்று இருந்தது. கொட்டானுக்குள்ளே பலகாரம் படலப் பையில்தான் இருக்கிறது. சீட்டு இப்போது இப்படி இருக்கிறது: "கூடை: பனையோலை. உள்பை: பாலிபுரோப்பிலீன்."

கடையில் நிற்பவருக்கு

பலகாரம் வாங்குபவர் தராசோடு போக முடியாது. பையைக் கையில் எடுத்ததும் "எதில்" என்று கேட்டுப் பார்க்கலாம். மறுசுழற்சிச் சதவீதம் எழுதியிருந்தால், எந்தப் பகுதியில் என்று பக்கத்திலேயே இருக்கிறதா? அது உணவைத் தொடாத பிளாஸ்டிக் பகுதி என்றால், ஐ.எஸ். 14534 தர எண் இருக்கிறதா? பையின் ஓரத்தைச் சற்றே கிழித்தால், காகிதம் கிழிந்து படலம் இழுபடுகிறதா? வீட்டுக்கு வந்தபின் ஒரு துண்டை ஊறப்போட்டால் மிச்சம் தெரிந்துவிடும்.

வாசகம் பொய் என்று உறுதியானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல், அல்லது consumerhelpline.gov.in தளத்தில் புகார் பதியலாம். பையின் இரு பக்கப் படம், பில், கியூஆர் குறி கொண்டுபோன பக்கத்தைத் தேதியோடு எடுத்த ஸ்கிரீன்ஷாட், ஊறிய பிறகு மிஞ்சிய படலத்தின் படம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். கியூஆர் பக்கத்தை முதலில் எடுத்துவிடுங்கள். புகார் போனதும் முதலில் மாறுவது அதுதான்.